அடிக்கடி நிமோனியா, ஏறாத எடை: குழந்தையின் வியர்வையில் இருக்கும் உப்பை ஏன் அளக்கிறார்கள்?

"நல்லா சாப்பிடுறான் சார், ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. மாசத்துல பாதி நாள் இருமல்தான்." குழந்தைகள் நல மருத்துவர்கள் பலமுறை கேட்டிருக்கும் வாக்கியம் இது. விருதுநகர் மாவட்டத்தில் இதற்குப் பதில் கையிலேயே தயாராக இருக்கும். மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கம் கரிசல் மண் புழுதி. சிவகாசி பக்கம் போனால் பட்டாசு மருந்து வாடை. வீட்டில் அப்பாவோ அம்மாவோ பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிறவர் என்றால், "அந்தத் தூசிதான் பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த கட்டமாக 'வீசிங்' என்று நெபுலைசர் வைப்பார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்', அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை. இதில் தப்பு எதுவும் இல்லை. நம் ஊரில் ஆஸ்துமாவும் காசநோயும்தான் அதிகம். அதை முதலில் யோசிப்பதுதான் முறை. ஆனால் இரண்டுக்கும் ஒழுங்காக மருந்து கொடுத்தும் குழந்தை தேறவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தக் குழந்தையின் வியர்வை எவ்வளவு உப்பாக இருக்கிறது?

அந்தக் கேள்விக்கான சோதனைதான் வியர்வை குளோரைடு பரிசோதனை. மருத்துவமனைகளில் சுருக்கமாக 'ஸ்வெட் டெஸ்ட்' என்பார்கள். 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நோயைக் கண்டுபிடிக்க இது செய்யப்படுகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

சளி பிடிக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம்தான். இடையில் முழுசாகச் சரியாகி, எடையும் ஏறிக்கொண்டே வந்தால் பயப்பட எதுவும் இல்லை.

நுரையீரலும் வயிறும் சேர்ந்து கெடுவதுதான் இந்த நோயின் அடையாளம். நிமோனியா திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில்கூட ஈரமான இருமல் விடாது. இன்னொரு பக்கம், பிள்ளை பசி பசி என்று சாப்பிடும், எடை மட்டும் ஏறாது. மலம் அதிக அளவில், எண்ணெய்ப் பிசுக்கோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில பிள்ளைகளுக்கு முக்கும்போது ஆசனவாய்க் குடல் வெளியே இறங்கும். இதைத் தவிர, வாயில் கேட்காவிட்டால் தாய்மார்கள் சொல்லாமலே விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது: "முத்தம் கொடுத்தா உப்பு கரிக்குது." வெயில் நாளில் நெற்றியிலும் காது ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

குடும்பக் கதையையும் கேட்பார்கள். தாய்க்கும் தந்தைக்கும் இந்த மரபணுவில் ஆளுக்கு ஒரு பழுது இருந்து, இரண்டும் குழந்தையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். பழுது ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அவருக்கே அது தெரியாது. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடுகளில் அதே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்புக் கூடுகிறது. முன்பு பிறந்த குழந்தை ஒன்று 'மூச்சுத் திணறி' இறந்துபோயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் இந்த நோய் வரலாம்.

நுரையீரல் நோய்க்கு வியர்வையை ஏன் பார்க்கிறார்கள்?

உடம்பில் பல இடங்களில் செல்களின் சுவரில் குளோரைடு போய்வர ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைச் செய்யும் மரபணுவுக்கு சிஎஃப்டிஆர் என்று பெயர். 1989-ல் கண்டுபிடித்தார்கள். நுரையீரலில் இந்த வாசல் வேலை செய்யவில்லை என்றால் சளியில் நீர் வற்றிக் கோந்து மாதிரி ஆகிவிடும். வெளியே வராமல் தேங்கும் அந்தச் சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்திலும் இதே கதைதான். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகள் குடலுக்கு வந்து சேராமல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். சாப்பிட்ட நெய்யும் எண்ணெயும் அப்படியே மலத்தில் போய்விடுவது இதனால்தான்.

வியர்வைச் சுரப்பியில் மட்டும் வாசல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சுரப்பியின் அடியில் ஊறும் வியர்வை கிட்டத்தட்ட ரத்தம் அளவுக்கு உப்பாகத்தான் இருக்கும். அது குழாய் வழியாகத் தோலுக்கு ஏறி வரும்போது, குழாய்ச் சுவர் உப்பைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் நமக்கு வெளியே வரும் வியர்வையில் உப்பு குறைவு. வாசல் பழுதானால் உப்பு திரும்பி உள்ளே போக வழியில்லை. முழுசாக வெளியே வந்துவிடும். நுரையீரல் கெட்டுப்போக மாதங்களோ வருடங்களோ ஆகலாம். வியர்வையில் உப்புக் கூடுவது மட்டும் பிறந்த நாள் முதலே இருக்கும்.

இந்தத் தொடர்பைக் காட்டிக் கொடுத்ததே வெயில்தான். 1948-ல் நியூயார்க்கில் கடுமையான வெப்ப அலை. வெயிலில் சுருண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்தவர்கள் எதிர்பார்த்ததை விட அதிகம். பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் இதைப் பின்தொடர்ந்து, அவர்கள் வியர்வையில் உப்பு பல மடங்கு இருப்பதை 1953-ல் வெளியிட்டார். வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு இந்தக் கதை ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சோதனை எப்படி நடக்கிறது?

"மல்லாங்கிணறு வெயிலில் அஞ்சு நிமிஷம் நிறுத்தினாலே வியர்வை கொட்டுமே, அதைத் துடைத்து எடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். ஆரம்பத்தில் குழந்தையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வியர்க்க வைத்துத்தான் பார்த்தார்கள். உடம்பு சூடேறிக் குழந்தைகள் ஆபத்துக்கு உள்ளானதுண்டு. தவிர, வெயிலில் எடுக்கும் வியர்வையில் பாதி ஆவியாகிவிடும். தோலில் ஏற்கெனவே காய்ந்திருக்கும் உப்பும் கலந்துவிடும்.

1959-ல் கிப்சன், குக் என்ற இருவர் சொன்ன வழிதான் இன்றும் அடிப்படை. பைலோகார்பின் என்ற மருந்து வியர்வைச் சுரப்பியைத் தூண்டக்கூடியது. கண்ணில் பிரஷர் கூடினால் போடும் சொட்டு மருந்தாகவும் இது பயன்பட்டிருக்கிறது. குழந்தையின் முன்கையைக் கழுவித் துடைத்து, இந்த மருந்து நனைத்த பட்டையை வைத்து, இரண்டு மின் முனைகளையும் ஒரே கையில் கட்டுவார்கள். மின்சாரம் நெஞ்சு வழியாகக் கடக்கக் கூடாது என்பதால்தான் ஒரே கை. பேட்டரியில் இருந்து வரும் மிகச் சிறிய மின்னோட்டம், அதிகபட்சம் 4 மில்லி ஆம்பியர், ஐந்து நிமிடம் மட்டும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. குழந்தைக்கு லேசாகக் குறுகுறுக்கும். எடுத்த பிறகு அந்த இடம் வட்டமாகச் சிவந்திருக்கும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

பிறகு அந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி உலர்த்தி, முன்கூட்டியே எடை போட்ட வடிகட்டித் தாளை இடுக்கியால் எடுத்து வைத்து, காற்றுப் புகாமல் மூடி ஒட்டுவார்கள். கைவிரல் பட்டால்கூட விரலின் உப்பு தாளில் ஏறிவிடும். அரை மணி நேரம் கழித்து தாளை எடுத்து மூடிபோட்ட குப்பியில் வைத்து மறுபடி எடை. எத்தனை மில்லிகிராம் கூடியிருக்கிறதோ அதுதான் வியர்வை. சில ஆய்வகங்களில் தாளுக்குப் பதில் கையில் கட்டும் சுருள் குழாய் இருக்கும்; அதில் குறைந்தது 15 மைக்ரோலிட்டர் சேர வேண்டும். குழந்தை சாப்பிடலாம், பால் குடிக்கலாம். வெறும் வயிறு தேவையே இல்லை. நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் வியர்வை நன்றாக வரும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

மல்லாங்கிணற்றில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம் (இது விளக்கத்துக்கான கற்பனை உதாரணம்). சரியாக இரண்டு வயதுப் பையன். நான்கு முறை நிமோனியா, காசநோய் மாத்திரை ஒரு சுற்று முடிந்துவிட்டது. எடை 8.2 கிலோ. அந்த வயதில் ஆண் குழந்தைகளின் நடுத்தர எடை சுமார் 12 கிலோ, 8.6-க்குக் கீழே போனாலே கடும் எடைக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை. அங்கன்வாடி அட்டையில் ஆறாவது மாதத்தில் இருந்தே கோடு படுத்துக்கிடக்கிறது. அந்த அட்டையை எடுத்துப் போவது, பத்து எக்ஸ்ரே கொண்டுபோவதை விட உதவியாக இருக்கும்.

முதல் நாள் சோதனையில், அரை மணி நேரத்தில் தாளின் எடை 51 மில்லிகிராம்தான் கூடுகிறது. ரிப்போர்ட்டில் 'வியர்வை போதவில்லை' என்று வருகிறது. வீட்டில் இதை 'ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சு' என்று புரிந்துகொள்ளும் ஆபத்து அதிகம். இது 'இல்லை' என்ற பதில் அல்ல, பதிலே வரவில்லை என்று அர்த்தம். தாளில் சேர்ந்தது 75 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆய்வகம் அதை அளக்கவே கூடாது. இரண்டு கையில் எடுத்ததைச் சேர்த்து 75 ஆக்கவும் கூடாது. காரணம், சுரப்பி மெதுவாக ஊறும்போது உப்பை இழுத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைத்துவிடும். அளவு பொய்யாகக் குறைந்துபோகும்.

இரண்டு நாள் கழித்து, குழந்தைக்கு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். இந்த முறை 128 மில்லிகிராம். குளோரைடு லிட்டருக்கு 98 மில்லிமோல்.

இங்கே மூன்று எல்லைகள் உண்டு. 30-க்குக் கீழே என்றால் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 60-ம் அதற்கு மேலும் என்றால் நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். 30 முதல் 59 வரை இரண்டும் கெட்டான் இடம். மறுபடி சோதித்து, மரபணுவையும் பார்க்க வேண்டும். 98 என்பதில் குழப்பம் இல்லை. இருந்தாலும் இந்த ஒரு தாளை வைத்து ஆயுள் முழுக்க வரும் நோயின் பெயரை எழுதிவிட மாட்டார்கள். இன்னொரு நாள் இன்னொரு முறை எடுத்தோ, மரபணுவில் இரண்டு பழுதும் இருப்பதைப் பார்த்தோதான் உறுதி செய்வார்கள்.

மரபணுச் சோதனையில் நம் நாட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியர்களிடம் மிக அதிகமாக இருக்கும் 'எஃப்508டெல்' என்ற பழுது இந்தியக் குழந்தைகளிடம் அந்த அளவுக்கு இல்லை. அங்கே பரவலான சில பழுதுகளை மட்டும் தேடும் மலிவான சோதனையைச் செய்தால், நம் பிள்ளைக்கு 'பழுது இல்லை' என்று தவறாக வரலாம். மரபணு முழுவதையும் படிக்கும் சோதனைதான் கேட்க வேண்டும். வியர்வைச் சோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பெரும்பாலான பழுதுகளில் உப்பு உப்புதான்.

எங்கே தப்பாகப் போகும்?

எளிமையான சோதனைதான், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். எப்போதோ ஒன்று செய்யும் இடத்தில் தவறு அதிகம். முக்கியமான எதிரி ஆவியாதல். ஒரு குழந்தையின் வியர்வையில் உண்மையான அளவு 45 என்று வையுங்கள். 100 மில்லிகிராம் வியர்வையில் மூடி சரியில்லாமல் கால் பங்கு நீர் பறந்துவிட்டால் உப்பு அப்படியே இருக்கும், நீர் மட்டும் 75 ஆகிவிடும். இப்போது அளந்தால் 60. சந்தேக இடத்தில் இருந்த குழந்தை, மூடி சரியாக ஒட்டாததால் நோயாளி ஆகிவிடுகிறது. மின்விசிறி வேகமாகச் சுற்றும் அறையில் இது இன்னும் சுலபமாக நடக்கும். அதேபோல 160-க்கு மேல் ஒரு எண் வந்தால் சந்தோஷமாக 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லக் கூடாது. மனித உடம்பில் அவ்வளவு உப்பு வியர்வை ஊறாது. எங்கோ உப்புக் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்து. சத்துக் குறைந்து கைகால் வீங்கிய கைக்குழந்தையிடம் எடுத்தால், தோலுக்கடியில் தேங்கிய நீரால் அளவு பொய்யாகக் குறைந்து வரலாம். வேடிக்கை என்னவென்றால், ரத்தசோகையும் வீக்கமுமாக வரும் சில குழந்தைகளுக்கு அந்த வீக்கத்துக்கே காரணம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான். வீக்கம் வடிந்த பிறகு மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான். மிகவும் மெலிந்த குழந்தைக்கும், சில ஹார்மோன் குறைபாடுகளிலும் அளவு பொய்யாகக் கூடவும் செய்யும்.

இன்னொன்று, சில இடங்களில் குளோரைடை அளக்காமல் வியர்வையின் மின் கடத்தும் திறனை மட்டும் ஒரு கருவியில் பார்த்துவிட்டு எண் கொடுப்பார்கள். வடிகட்டிப் பார்க்க அது பரவாயில்லை. ஆனால் அந்த எண் குளோரைடு எண்ணை விடச் சுமார் 15 கூடுதலாக வரும். அதை 60 என்ற எல்லையோடு ஒப்பிட்டு முடிவு சொல்லக் கூடாது. ரிப்போர்ட்டில் 'குளோரைடு' என்று போட்டிருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் வியர்வை என்று எழுதியிருக்கிறதா? இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

எங்கே போக வேண்டும்?

எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. பெரிய ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் கிடைக்காமல் போகலாம். வெளிநாட்டுக் கருவி விலை அதிகம் என்பது ஒரு காரணம். டெல்லி எய்ம்ஸ் குழந்தைகள் நலத் துறையில் மருத்துவர் எஸ்.கே.காப்ரா குழுவினர் குறைந்த செலவில் உள்நாட்டிலேயே கருவி அமைத்து வியர்வை எடுக்கும் முறையை உருவாக்கி, அதை 2002-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 'இந்த நோய் இந்தியாவில் கிடையாது' என்ற பேச்சு மெல்லக் குறைந்தது. தமிழ்நாட்டில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இந்தச் சோதனையும், இந்த நோயுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் குழந்தைகள் நுரையீரல் பிரிவும் இருக்கின்றன.

மல்லாங்கிணற்றில் இருந்து என்றால், முதலில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவில் காட்டி, நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை, சளிக் கல்ச்சர் முடித்து, எழுத்துப்பூர்வமாகப் பரிந்துரை வாங்கிக்கொள்வது நல்லது. கல்ச்சரில் 'சூடோமோனாஸ்' என்ற கிருமி திரும்பத் திரும்ப வந்தால் அதுவே பெரிய துப்பு. போகும் முன்னால் போன் செய்து சோதனை நாள் கேட்டுக்கொள்ளுங்கள். 51 மில்லிகிராம் பையன் மாதிரி மறுபடி எடுக்க வேண்டி வரலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் தங்கும் கணக்கோடு போங்கள்.

வெயில் காலத்தில் கூடுதல் கவனம்

நோய் உறுதியானால் சிகிச்சை அன்றே தொடங்கும். ஒவ்வொரு சாப்பாட்டோடும் கணைய நொதி மாத்திரை, எண்ணெய் நெய் குறைக்காத சத்தான சாப்பாடு, ஏ, டி, இ, கே வைட்டமின்கள், உப்புநீர் நெபுலைசர், தினமும் நெஞ்சில் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபி. மரபணுப் பழுதையே குறிவைக்கும் புது மருந்துகளும் உலகில் வந்துவிட்டன. அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. ஏப்ரல், மே வெயிலில் இந்தக் குழந்தைகள் வியர்வை வழியாகவே உப்பை இழந்து ஒரே நாளில் துவண்டுபோவார்கள். பெரிதாக வயிற்றுப்போக்கு இருக்காது; ஆனால் கண் உள்ளே போயிருக்கும், பால் குடிக்காது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைந்திருக்கும். பேதியில் வறண்ட குழந்தைக்கு ரத்தம் அமிலப் பக்கம் சாயும். இந்தக் குழந்தைக்கு எதிராகக் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். இந்தியாவில் பல குழந்தைகளுக்கு நோய் இருப்பது முதலில் தெரிய வந்ததே இப்படித்தான். பேதியே இல்லாமல் வெயிலில் வறண்டு இரண்டாவது தடவை குளுக்கோஸ் ஏற்ற வேண்டி வந்த கைக்குழந்தைக்கு, நெஞ்சுச் சளி இல்லாவிட்டாலும் ஸ்வெட் டெஸ்ட் பற்றிக் கேட்கலாம். நோய் உறுதியான குழந்தைக்குத் தினமும் எவ்வளவு கூடுதல் உப்பு, எந்த மாதத்தில் எவ்வளவு என்று மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்வார். சோற்றில் உப்பு அள்ளிப் போடுவதை நாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு குழந்தைக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டும், அவர்கள் கொழுகொழுவென்று இருந்தாலும் சரி. இதே தாய் தந்தைக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. புதிதாகப் பிறந்த குழந்தை என்றால் இரண்டு வாரம் முடிந்து எடை 2 கிலோவைத் தாண்டியதும் வியர்வை எடுக்கலாம்.